முதலில் அம்மாவிடம், பிறகு பிள்ளையிடம்: எல்லையோர ஊரில் வீட்டு டியூஷன் செயலிக்கு விளம்பரம் எழுதும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகத் தமிழ் பேசும் ஊர்கள் உண்டு. பிள்ளைகள் படிப்பது கேரள அரசின் பாடத்திட்டம். பலர் படிப்பது தமிழ் வழியில். பள்ளி ஒரு மாநிலத்தின் கணக்கில் நடக்கிறது, வீட்டுப் பேச்சும் சந்தையும் பாதி பொள்ளாச்சிப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. இந்த ஊர்களில் வீட்டு டியூஷன் ஆசிரியர்களைப் பெற்றோருடன் இணைக்கும் செயலி ஒன்றைத் தொடங்கியிருப்பவருக்கும், அதற்கு விளம்பரம் எழுதித் தரச் சொல்லி அனுப்பப்பட்டவருக்கும் இந்த வழிகாட்டி. முதலில் பெற்றோரிடமும் பிறகு மாணவரிடமும் பேசும் ஒரு நிமிட வீடியோ விளம்பரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் கணக்கிலிருந்து கடைசித் திருத்தம் வரை போகலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். அப்பா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர். மாலையில் வீட்டில் இருப்பது அம்மாவும், பத்தாம் வகுப்பு தமிழ் வழியில் படிக்கும் மகளும். கணக்கில் மகளுக்கு ஓணப் பரீட்சையில் கிடைத்தது டி கிரேடு. தேர்ச்சிக்கு டி பிளஸ் வேண்டும், அதாவது நூற்றுக்கு 30. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மாலை முழுவதும் அம்மாவிடமும் மகளிடமும் மாறி மாறிப் போகிறது. விளம்பரம் இருவரிடமும் பேச வேண்டும் என்பதற்குக் காரணமே அந்தக் கைமாற்றம்தான். அம்மாவுக்கென்று எழுதிய வரியை மகள் கேட்பாள், மகளுக்கென்று எழுதியதை அம்மா கேட்பாள். கீழே வரும் எல்லா முடிவுகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

எழுதும் முன் ஒரு கணக்கு

பேனாவை எடுக்கும் முன் எத்தனை வீட்டுக்கு உங்களால் ஆசிரியரை அனுப்ப முடியும் என்று எண்ணுங்கள். செயலியில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்ற எண் இங்கே உதவாது. கணக்குப் பாடம், தமிழ் வழி, கேரளப் பாடநூல், மாலை ஐந்து மணிக்கு மேல் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து கடைசி பஸ்ஸுக்குள் வீடு திரும்பக்கூடியவர் என்று ஒவ்வொரு சல்லடையாகப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் இருந்த பட்டியலில் ஆறு பேர் மிஞ்சினால் வியப்பில்லை.

அந்த ஆறு பேரை வைத்துக் கணக்குப் போடுவோம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவிப் பலகாரம் தின்று உட்காரவே ஐந்து மணி ஆகிவிடும். ஐந்திலிருந்து எட்டுக்குள் ஒரு ஆசிரியர், நடுவே போக்குவரத்தையும் சேர்த்தால், இரண்டு வீட்டுக்குத்தான் போக முடியும். வாரத்தில் ஆறு மாலை. ஆக ஒருவருக்குப் பன்னிரண்டு வகுப்பு. ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று வகுப்பு என்றால் ஒருவரால் நான்கு வீடுகளைப் பார்க்க முடியும். ஆறு பேருக்கும் சேர்த்து இருபத்து நான்கு வீடுகள். விளம்பரம் நன்றாக வேலை செய்து அறுபது அம்மாக்கள் அழைத்துவிட்டால் முப்பத்தாறு பேருக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள். பெருநகரத்தில் அது ஒரு மோசமான வாரம், அவ்வளவுதான். இந்த அளவு ஊரில், ரேஷன் கடை வரிசையிலேயே உங்கள் செயலியின் கதை முடிந்துவிடும்.

இந்த எண்ணிக்கைதான் விளம்பரத்தின் பரப்பையும் அதில் சொல்லும் பாடத்தையும் முடிவு செய்கிறது. "எல்லா வகுப்புகளுக்கும், எல்லாப் பாடங்களுக்கும்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். உங்களிடம் இருப்பது பத்தாம் வகுப்புக் கணக்கு என்றால் பத்தாம் வகுப்புக் கணக்கு என்றே எழுதுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அந்த ஆறு பேரில் யாராவது பள்ளியில் வேலை பார்க்கிறார்களா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. "அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கே வருவார்கள்" என்று எழுதினால், விதி மீறலை நீங்களே பேனர் கட்டிச் சொல்வதாக ஆகும். ஓய்வு பெற்றவர்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், முதுகலை மாணவர்கள் ஆகியோர்தான் உங்கள் ஆட்கள். அதை வெளிப்படையாகச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் என்றால் இந்தப் பக்கத்து அம்மாக்களுக்குத் தனி நம்பிக்கையே உண்டு.

அம்மாவின் முதல் கேள்வி: யார் வருகிறார்?

டியூஷன் விளம்பரங்களில் பெரும்பாலானவை மதிப்பெண் பயத்திலிருந்து தொடங்குகின்றன. நம் எடுத்துக்காட்டு வீட்டில் அந்தப் பயம் ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. விடைத்தாளே அதைக் கொண்டுவந்துவிட்டது. விளம்பரம் அதைக் கூட்ட வேண்டியதில்லை. அவர் இன்னும் யாரையும் ஏற்பாடு செய்யாததற்குக் காரணம் வேறு: கணவர் இல்லாத மாலை நேரத்தில், வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டுக்குள், தெரியாத ஒருவரை எப்படி விடுவது? இதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "கட்டணம் எவ்வளவு" என்றுதான் கேட்பார். அவர் சொல்லாத அந்தக் கேள்வியை விளம்பரம் முதல் பத்து விநாடிக்குள் தொட்டால் அவர் மீதியைக் கேட்பார்.

இந்த இடத்தில் வழக்கமாக வந்து விழும் சொல் "சரிபார்க்கப்பட்ட ஆசிரியர்கள்". என்ன சரிபார்த்தீர்கள் என்று சொல்லாதவரை அது வெறும் ஒலி. பெயரும் முகமும் அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. பட்டச் சான்றிதழின் அசலைப் பார்ப்பது வேறு வேலை. காவல்துறையிடமிருந்து, குற்ற வழக்குகளில் தொடர்பில்லை என்ற சான்று பெறுவது மூன்றாவது. கேரளக் காவல்துறை இந்தச் சான்றுக்குத் தன் இணையதளம் வழியாகவே விண்ணப்பம் வாங்குகிறது. ஆனால் எல்லையோரத்தில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஆறு பேரில் இருவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களாக இருக்கலாம். அவர்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய சான்று தமிழ்நாட்டுக் காவல்துறையிடமிருந்து வர வேண்டும். கேரளத்துச் சான்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு "போலீஸ் சரிபார்ப்பு முடிந்தது" என்று எழுதினால், காகிதத்தில் பொய் இராது; ஆனால் அந்தக் காகிதத்துக்குப் பெரிய பொருளும் இராது.

ஆகவே விளம்பரத்தில் பெயரடையை எடுத்துவிட்டுச் செயலை எழுதுங்கள். எந்தச் சான்று, எந்த மாநிலத்தில், எந்தத் தேதியில் பார்க்கப்பட்டது என்பது ஒவ்வொரு ஆசிரியரின் பக்கத்திலும் தெரியும்படி செயலியை அமைத்து, "பார்த்த தேதி அவர் பக்கத்திலேயே இருக்கிறது" என்று விளம்பரத்தில் சொல்லுங்கள். செயலியில் அந்த இடம் இல்லையென்றால் விளம்பரத்தை நிறுத்தி முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். விளம்பரம் எழுதுகிறவர் செயலியைத் திருத்தச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

காவல்துறைச் சான்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பதிவான வழக்கைத்தான் அது காட்டும், அதுவும் சான்று தந்த நாள் வரைதான். அதனால் காகிதத்தோடு வீட்டு ஒழுங்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வகுப்பு ஹாலில் நடக்கும், கதவு திறந்திருக்கும், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டுமே நடக்கும். இதைப் பெற்றோருக்கான அறிவுரையாகச் சொன்னால் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதாகிவிடும். ஆசிரியர் கையெழுத்திட்டு ஏற்ற விதியாகவே சொல்லுங்கள். பெரியவர் இல்லையென்றால் ஆசிரியரே திரும்பிப் போய்விடுவார், அந்த வகுப்புக்குக் கட்டணமில்லை என்பது வரை விதியில் இருந்தால் நல்லது. அம்மாவின் தோள் இறங்குவது இந்த வரியில்தான்.

இரண்டாவது கேள்வி: எந்தப் புத்தகம்?

எல்லைக்கு இந்தப் பக்கம் பலமுறை சூடுபட்ட விஷயம் இது. நன்றாகத் தமிழில் கணக்குச் சொல்லித்தரும் ஒருவர் பொள்ளாச்சியிலிருந்து வருகிறார். ஆனால் அவர் படித்ததும் நடத்துவதும் தமிழ்நாட்டுப் பாடநூல். கேரளத்தில் எஸ்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் நூல் வேறு, அத்தியாய வரிசை வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் ஒரே தேர்வு, கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று தனித் தேர்வுகள். அங்கே 35 எடுத்தால் தேர்ச்சி, சாதனை என்றால் நூற்றுக்கு நூறு. இங்கே கணக்குக்குப் பொதுத்தேர்வில் 80, பள்ளியின் தொடர் மதிப்பீட்டில் 20, முடிவு கிரேடில் வரும். பெருமை என்றால் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். ஆசிரியர் நல்லவராகவே இருந்தும் இரண்டு மாதம் கழித்துத்தான் பொருந்தவில்லை என்று தெரியவருவது இதனால்தான். கிறிஸ்துமஸ் பரீட்சை நெருங்கிவிட்ட பிறகு ஆசிரியரை மாற்றவும் மனம் வராது.

மறுபக்கம் பாலக்காட்டு நகரத்திலிருந்து வரும் ஆசிரியருக்குக் கேரள நூல் மனப்பாடம், ஆனால் நடத்துவது மலையாளத்தில். பிள்ளைக்குப் பேச்சு புரியும். கணக்கின் கலைச்சொல் புரியாது. தேர்வு எழுதுவது தமிழில் அல்லவா? வினாத்தாளும் தமிழில்தான் வரும்.

ஆகவே விளம்பரத்தின் பெற்றோர் பகுதியில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் வைப்பது இது: "கேரளப் பாடநூலைத் தமிழிலேயே நடத்துகிறவர்." இதில் இருக்கும் இரண்டு செய்தியும் ஒரே மூச்சில் வர வேண்டும். கேரளப் பாடநூல் என்று ஓரிடத்தில், தமிழ் வழி என்று வேறோரிடத்தில் சிதறிவிட்டால் பெற்றோருக்கு ஒன்றுதான் காதில் நிற்கும். இதையும் சும்மா சொல்லிவிட முடியாது. ஆசிரியரைப் பதிவு செய்யும்போதே தமிழ் வழிக் கேரள நூலில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் நடத்தச் சொல்லிப் பாருங்கள். நூலைப் புரட்டியிராதவர் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடுவார்.

கட்டணமும் இலவசமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக வெளியிட்ட வழிகாட்டுதல்கள் எந்தப் பொருளுக்கும், எந்தச் சேவைக்கும் பொருந்தும். அவற்றின்படி, கிடைக்காத விலையைக் காட்டி ஆளை இழுப்பது தூண்டில் விளம்பரம். மணிக்கு 150 ரூபாய் முதல் என்று எழுதி, அந்த விலைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆசிரியர் ஏற்கெனவே நான்கு வீடு நிறைந்தவர் என்றால், அது தூண்டில்தான். ஆறு பேரில் நால்வர் வாங்கும் தொகை எதுவோ அதை எழுதுங்கள். "முதல் வகுப்பு இலவசம்" என்று சொல்லிவிட்டுப் பதிவுக் கட்டணம் வாங்கினாலும் அது இலவசம் ஆகாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமுண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

நிபந்தனை வாசகம், விளம்பரம் சொல்லும் செய்தி இருக்கும் மொழியிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல்களில் உண்டு. விளம்பரம் தமிழில் போய், அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலம் ஓடினால் சரிவராது.

பயிற்சித் துறைக்கென்றே 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்கள் வந்தன. உத்தரவாதம் தரக் கூடாது, வென்ற மாணவரின் பெயரையும் படத்தையும் வெற்றிக்குப் பின் அவர் எழுதித் தந்த சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. ஐம்பது மாணவருக்கு மேல் உள்ள மையங்களையே அவை பயிற்சி மையம் என்கின்றன. இருபத்து நான்கு வீட்டுச் செயலி தனக்கு அது பொருந்தாது என்று வாதிடலாம். வாதிடாமல் கடைப்பிடித்துவிடுவது மேல். தேர்வு முடிவு வந்ததும் ஊர் முனையெல்லாம் ஏ பிளஸ் முகங்களோடு ஃபிளெக்ஸ் எழுவது கேரளத்து வழக்கம். அந்தப் போட்டிக்குள் புதிய செயலி நுழைய வேண்டிய தேவையே இல்லை.

பேச்சு திரும்பும் இடம்

பெற்றோர் பகுதி முடிந்து மாணவர் பகுதி தொடங்கும் அந்த இரண்டு விநாடிதான் இந்த விளம்பரத்தின் முழுச் சிரமமும். முதலில் பலரும் எழுதும் விதம் இப்படி இருக்கும்:

"உங்கள் பிள்ளை கணக்கில் பின்தங்கிவிட்டதா? மற்றவர்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள். இன்றே பதிவு செய்யுங்கள். தம்பி, தங்கைகளே! கணக்கு இனி ஜாலி!"

அம்மா பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் பெரிய குறை தெரியாது. மகளின் இடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முதல் வரியில் தன்னைப் பற்றித் தன் தாயிடம் ஒரு அந்நியர் குறை சொன்னார். கடைசி வரியில் அதே ஆள் திரும்பித் தன்னிடம் சிரிக்கிறார். பதினைந்து வயதுப் பெண் அந்தச் சிரிப்பை நம்புவாளா? அம்மா டியூஷன் வைத்தாலும், முதல் நாளே மூடிய முகத்தோடுதான் உட்காருவாள். முதல் வகுப்பு தோற்றால் வாடிக்கையும் போகும். நல்ல முறை என்ற பேச்சை விட்டுவிட்டு வியாபாரமாகப் பார்த்தாலும் இது நட்டம்.

இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகளும் இதே இடத்தில் குறுக்கே வரும். கல்வி விளம்பரங்களுக்கான விதிகளை அந்த மன்றம் 2023இல் திருத்தியது. குறைந்த மதிப்பெண் வாங்கியவரைத் தோற்றவராகவோ, வீட்டாரின் அன்பு குறைந்தவராகவோ காட்டக் கூடாது. பொய்யான அவசரத்தையும், பிறர் முந்திவிடுவார்கள் என்ற பயத்தையும் உண்டாக்கக் கூடாது. தூக்கத்தையும் உணவையும் விட்டுப் படிப்பதை இயல்பாகக் காட்டக் கூடாது. குறிப்பிட்ட பாடம் குறிப்பிட்ட பாலினத்துக்கே உரியது என்று தோன்றவும் விடக் கூடாது. மேலே உள்ள வாசகம் இவற்றில் இரண்டையாவது மிதிக்கிறது.

திருத்தும் வழி, பெற்றோர் பகுதியில் பிள்ளையை வினையின் எழுவாயாக வைக்காமல் இருப்பது. பிள்ளை பின்தங்கியது, பிள்ளை படிக்கவில்லை, பிள்ளை போன் பார்க்கிறது என்று எதுவும் வேண்டாம். விடைத்தாள் வந்தது, உதவிக்கு ஆள் தேவை, ஆளைத் தேர்ந்தெடுப்பது கடினம் என்று சிக்கலைத் தேடலின் சிக்கலாகவே வையுங்கள். அப்போது மகள் கேட்டுக்கொண்டிருந்தாலும் அவள் மேல் ஒரு கல்லும் விழாது. திரும்பும் இடத்தில் குரலின் வேகம் மாறலாம், குணம் மாறக் கூடாது. பெற்றோரை நீங்கள் என்று அழைத்த குரல் பிள்ளையை நீ என்று அழைப்பது இந்தப் பக்கத்தில் இயல்பு. "மாணவச் செல்வங்களே" என்பது மேடைப் பேச்சு.

பிள்ளை கேட்க விரும்புவது

பிள்ளைக்கு மதிப்பெண் உறுதிமொழி எதுவும் தேவையில்லை. அது அம்மாவுக்குச் சொல்லப்பட்டதாகவே காதில் விழும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசினால் திரும்பத் திரும்ப வரும் கவலைகள் மிகச் சிறியவை. தெரியாததைத் திரும்பக் கேட்டால் கோபிப்பாரா, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் போய்ப் புகார் சொல்வாரா, ஐந்தரை மணி ஆட்டம் போய்விடுமா, பிடிக்காவிட்டாலும் மார்ச் வரை இவரேதானா. இவற்றில் கடைசிக் கேள்விக்குச் செயலிக்குள் பதில் இருந்தால் அதுவே மாணவர் பகுதியின் நடுத்தூண். ஆசிரியரை மாற்றக் கேட்கும் பொத்தான் பிள்ளையின் பக்கத்திலும் இருக்கட்டும். அதை அழுத்தினால் அம்மாவுக்கும் தகவல் போகட்டும். பிள்ளைக்குத் தெரியாமல் மாற்றுவதும் கூடாது, அம்மாவுக்குத் தெரியாமல் மாற்றுவதும் கூடாது. வீட்டுக்கு வரும் ஆளைப் பற்றிப் பிள்ளை சங்கடமாக உணர்ந்தால் அதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது என்பதும் இதற்குள்ளேயே அடங்கும். தனியாக அதை விளம்பரத்தில் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மாணவர் பகுதியை "இப்போதே பதிவு செய்" என்று முடிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய விவரத்தை வாங்கப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க சம்மதம் தேவை என்கிறது அந்தச் சட்டம். செயலியில் கணக்கு அம்மாவின் பெயரில் தொடங்கட்டும், பிள்ளைக்கு அதனுள் ஒரு பக்கம் திறக்கட்டும். விளம்பரமும் அந்த வரிசையிலேயே நடக்கட்டும்.

முழு வாசகம்

மேலே சொன்னவற்றை வைத்து எழுதினால் நம் வீட்டுக்கான வாசகம் இப்படி வரும்.

"ஓணப் பரீட்சை விடைத்தாள் வீட்டுக்கு வந்துவிட்டது. கணக்குக்கு ஒருவரை வைக்க வேண்டும். யாரை நம்பி வீட்டுக்குள் விடுவது?

கேரளப் பாடநூலைத் தமிழிலேயே நடத்துகிறவர்கள் இந்தச் செயலியில் இருக்கிறார்கள். அடையாள அட்டை, பட்டம், காவல்துறைச் சான்று மூன்றையும் நாங்கள் பார்த்த தேதி அவரவர் பக்கத்தில் இருக்கிறது. வகுப்பு உங்கள் ஹாலில், நீங்கள் இருக்கும்போது மட்டும். முதல் வகுப்பைப் பாருங்கள். வேண்டாம் என்றால் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

பத்தாம் வகுப்பு, இது உனக்கு. எங்கே புரியவில்லை என்று நீ சொல், அங்கிருந்து தொடங்குவார். ஒரே கேள்வியை மூன்று முறை கேள். உன் ஆட்ட நேரத்தை முதலில் குறித்துவிடு, வகுப்பு அதற்குப் பிறகு. ஆசிரியர் ஒத்துவரவில்லையா? மாற்றச் சொல்லும் பொத்தான் உன் பக்கத்திலும் இருக்கிறது.

அம்மா தொடங்கினால் உன் பக்கம் திறக்கும்."

கடிகாரத்தை வைத்து நிதானமாகப் படித்தால் இது ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தமிழில் சொற்கள் நீளமானவை. ஒரு நிமிடத்தில் தொண்ணூறு சொல்லைத் தாண்டினால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும், கேட்பவருக்கு ஒன்றும் தங்காது. எதையாவது சேர்க்க ஆசை வந்தால் முதலில் எதையாவது எடுங்கள். எடுக்கக் கூடாதவை இரண்டு: பாடநூல் வரியும், நீங்கள் இருக்கும்போது மட்டும் என்ற வரியும்.

"ஆட்ட நேரத்தைக் குறித்துவிடு" என்ற வரிக்கு முதலீட்டாளர் முகம் சுளிக்கலாம். அம்மாவுக்கு அது பிடிக்காது என்பார். முதல் கூட்டத்தில் அம்மாவிடமே படித்துக் காட்டுங்கள். மகள் சண்டையில்லாமல் உட்காருவாள் என்று தெரிந்தால் எந்த அம்மா வேண்டாம் என்பார்?

குரல், படம்

இரண்டு பகுதிக்கும் ஒரே குரல் போதும். வயது நாற்பதை ஒட்டிய பெண் குரலாக, அக்கா முறையில் பேசுவதாக இருக்கட்டும். ஆண் குரலில் "உங்கள் ஹாலில்" என்று வந்தால் தணித்த கவலை மீண்டும் தலை தூக்கும். சென்னை ஸ்டூடியோ உச்சரிப்பு இங்கே தூரத்துச் சொந்தக்காரரின் பேச்சாக ஒலிக்கும்; கோவைப் பக்கத்துக் குரல் ஒட்டும், சித்தூர் வட்டத்திலேயே ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. படத்தில் அழும் பிள்ளையும் வேண்டாம், கோபிக்கும் அப்பாவும் வேண்டாம். மேசைமேல் தமிழ் வழிக் கேரள நூலின் அட்டை தெளிவாகத் தெரிந்தால், ஆயிரம் சொல் மிச்சம். திறந்த கதவு படத்தின் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். கேமரா அதை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்போது ஓட்டுவது

கேரளப் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி, முதல் பருவத் தேர்வு ஓணத்தை ஒட்டியும், இரண்டாவது கிறிஸ்துமஸை ஒட்டியும் வரும், எஸ்.எஸ்.எல்.சி. மார்ச்சில். ஓண விடுமுறை முடிந்து விடைத்தாள் வீட்டுக்கு வரும் இரண்டு வாரம்தான் உங்கள் காலம். ஜூனில் ஓட்டினால் யாருக்கும் கவலை இல்லை. ஜனவரியில் ஓட்டினால் கவலை மிகுதி, நேரம் இல்லை. அப்போது வரும் வாடிக்கை உங்கள் ஆசிரியரிடம் அதிசயத்தை எதிர்பார்க்கும்.

சமூக ஊடகத்தில் ஓட்டும்போது ஊரைச் சுற்றி வட்டம் போட்டு விளம்பரம் அனுப்புவது எளிது. ஆனால் வட்டத்துக்கு மாநில எல்லை தெரியாது. கொழிஞ்சாம்பாறையை மையமாக வைத்த வட்டத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குள் போய் விழும். அங்குள்ள பெற்றோருக்கு உங்கள் கேரளப் பாடநூல் எதற்கு? அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, ஊர் ஊராகப் பெயர் கொடுத்துச் சேருங்கள். மொழியைத் தமிழ் என்று வடிகட்டுவதும் ஆபத்து. வீட்டில் தமிழ் பேசுகிறவரின் போன் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருப்பது இங்கே சாதாரணம். வடிகட்டினால் உங்கள் ஆட்களே வெளியே போய்விடுவார்கள். மொழியைத் திறந்து வையுங்கள். தமிழ்க் குரலே வேண்டாதவரைத் தள்ளிவிடும்.

மாணவருக்கென்று தனியாக விளம்பரம் அனுப்பவும் நினைக்காதீர்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 18 வயதுக்குட்பட்டவரை வயது, இடம் தவிர வேறு எதை வைத்தும் குறிவைக்க முடியாது. பெற்றோர் வயதுக்காரருக்கே அனுப்புங்கள். போன் தானாக மகள் கைக்குப் போகும்.

அழைப்புகளைக் கேட்டுத் திருத்துவது

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்ற எண்களை முதலீட்டாளருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பயன்படுவது, அழைக்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. ஒரு நோட்டில் அதை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். "எந்த சிலபஸ்?" என்று பலர் தொடங்கினால் பாடநூல் வரி காதில் விழவில்லை என்று பொருள், அதை முன்னே இழுங்கள், அல்லது நூல் அட்டையை இன்னும் நீண்ட நேரம் காட்டுங்கள். "லேடி டீச்சர் இருக்கிறார்களா?" என்று வந்தால் பாதுகாப்பு வரி பாதிதான் வேலை செய்திருக்கிறது, ஆறு பேரில் பெண்கள் எத்தனை என்பதைச் சொல்லும் இடத்தைத் தேடுங்கள். "எவ்வளவு ஆகும்?" என்று நேராகத் தொடங்கினால் மகிழுங்கள், மற்ற இரண்டுக்கும் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடியோவில் எந்த விநாடியில் பார்வையாளர் விலகுகிறார் என்று காட்டும் வரைகோட்டையும் பாருங்கள். பேச்சு திரும்பும் இடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தால், பெற்றோர் தம் பகுதி முடிந்ததென்று போய்விட்டார்கள். முதல் வகுப்பு பற்றிய வரியை மாணவர் பகுதிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாருங்கள், அதைக் கேட்கவாவது இருப்பார்கள். மாணவர் பகுதி வேலை செய்ததா என்பதை எந்தக் கோடும் காட்டாது. அதை முதல் வகுப்பு முடிந்து வெளியே வரும் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்: பிள்ளை தானாக ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கியதா, அல்லது எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சுவரைப் பார்த்ததா? இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது என்றால் வாசகத்தின் பெற்றோர் பகுதியைத்தான் மறுபடி படிக்க வேண்டும். எங்கோ ஒரு வரி அவளைக் குத்தியிருக்கும்.

இருபத்தோராவது வீடு சேர்ந்ததும் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். மீதி மூன்று இடம் அண்டை வீட்டார் சொல்லியே நிரம்பும். செலவழிக்காமல் மிஞ்சிய பணத்தில், பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் பி.எட். முடித்தவர்களைத் தேடும் வேறொரு விளம்பரத்தை எழுதத் தொடங்கலாம்; கேரள நூலைக் கையில் கொடுத்துப் பழக்க அவர்களுக்கு இரண்டு மாதமாவது வேண்டும்.